இரவு டியூட்டிக்கு: இருமலில் ரத்தம் கொட்டினால்

கோத்தகிரியில் நம் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில், தேயிலை பறிக்கும் அம்மா ஒருவரை நடு இரவில் கூட்டி வந்தார்கள். மகன் கையில் ஒரு சில்வர் சொம்பு, அதில் பாதிக்கு நுரையோடு செக்கச்சிவந்த ரத்தம். எல்லோரும் சொம்பைத்தான் பார்த்தார்கள். பார்க்க வேண்டியது அந்த அம்மாவின் மூச்சை. இந்த நோயாளிகள் பெரும்பாலும் ரத்தம் வற்றி இறப்பதில்லை, மூச்சடைத்துத்தான் இறக்கிறார்கள். மூச்சுப் பாதையின் கொள்ளளவே ஏறத்தாழ 150 மில்லிதான். அதனால் 200 மில்லியா 600 மில்லியா என்று அளந்துகொண்டிருக்காதீர்கள். ஆக்சிஜன் இறங்கினாலோ, மூச்சு திணறினாலோ, அது உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்குதான்.

நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். இப்போது இருக்கும் நோய் மட்டுமல்ல. எப்போதோ மருந்து முடித்தவருக்குக்கூட பழைய குழியில் பூஞ்சைக் கட்டி வளர்ந்தோ, மூச்சுக்குழாய்கள் விரிந்துபோயோ ரத்தம் வரும். அப்புறம் நுரையீரல் புற்றுநோய், சீழ்க்கட்டி, மைட்ரல் வால்வு சுருக்கம், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பு, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகள். பெரும்பாலும் ரத்தம் வருவது அழுத்தம் அதிகமுள்ள பிராங்கியல் தமனியிலிருந்து. அதனால்தான் நின்றது போலிருந்து திடீரென்று பீறிடும்.

சரி, செய்ய வேண்டியது. நீங்கள் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிஜன், சக்‌ஷன், இரண்டு பெரிய ஊசி வழி, ரத்த வகையும் கிராஸ்மேட்சும், பிளேட்லெட், ஐஎன்ஆர். எந்தப் பக்கம் ரத்தம் வருகிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நல்ல நுரையீரல் மேலே இருக்கட்டும். பழைய எக்ஸ்ரேயை வீட்டாரிடம் கேளுங்கள், பக்கத்தை அதுவே சொல்லிவிடும். அந்த அம்மாவின் பையில் மடங்கிக் கிடந்த படத்தில் வலது மேல்பகுதியில் குழி தெரிந்தது. வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்ததும் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது.

தூக்க மருந்து கொடுத்து இருமலை அடக்காதீர்கள். தானாக இருமித் துப்புகிறவரை அந்த இருமல்தான் காவல். ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில் நரம்பு வழியாக. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்தி, அதை முறிக்கும் மருந்து உண்டா என்று பாருங்கள்.

துப்ப முடியாமல் திணறினால் டியூப் போட வேண்டும். 8 அல்லது அதற்கு மேல், சிறியது வேண்டாம். பெரிய டியூபில்தான் ரத்தக்கட்டிகளை உறிஞ்சவும் பிராங்கோஸ்கோப் விடவும் முடியும். இடது பக்கம் ரத்தம் என்றால் டியூபை வலது பிரதான குழாய்க்குள் தள்ளி நல்ல பக்கத்தைக் காப்பாற்றலாம். வலது பக்கம் என்றால் இடதுக்குள் குருட்டாம்போக்கில் போவது கடினம், உடனே என்னைக் கூப்பிடுங்கள்.

முழுத் தீர்வு, அதாவது ரத்தக்குழாயை உள்ளிருந்து அடைக்கும் எம்போலைசேஷன், கோயம்புத்தூரில்தான். டியூப் தேவைப்படும் என்று தோன்றினால் இங்கேயே போட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவில், ஆடும் ஆம்புலன்ஸில் அதைச் செய்ய முடியாது. சக்‌ஷன் வேலை செய்கிறதா என்று பார்த்து, போட்டு முடித்த மருந்தையும் நேரத்தையும் எழுதி, பழைய எக்ஸ்ரேயையும் கூடவே அனுப்புங்கள்.