கல்லாப்பெட்டி: 2026 முதல் காலாண்டுக் கடிதம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
16 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணன்மார், அக்கா, மாமா, சார், கல்லாப்பெட்டியில் பணம் போட்ட உங்கள் ஏழு பேருக்கும் வணக்கம்.

புத்தாண்டு வாழ்த்து இரண்டு நாள் தாமதம். கடிதம் பத்து நாள் தாமதம். கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன், எண்கள் மாறவில்லை. அதனால் நேரே அதற்கே வருகிறேன்.

டிசம்பர் இறுதியில் நம் பில் செயலிக்குச் சந்தா கட்டிய கடைகள் 143. மார்ச் இறுதிக்குள் 300 ஆக்கிவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இன்றைக்கு இருப்பது 131. புதிதாக 46 கடைகள் வந்தன, 58 கடைகள் போய்விட்டன. இலக்கில் பாதிகூட எட்டவில்லை என்பது மட்டுமல்ல, இருந்ததிலும் குறைந்திருக்கிறோம்.

மூன்று மாதத்தில் 24,013 வெள்ளிக்குப் பில் போட்டோம். கைக்கு வந்தது 22,420. மீதி 1,593 வெள்ளி 27 கடைகளிடம் ஒவ்வொரு மாதச் சந்தாவாக நிற்கிறது. செலவு 64,380. அதில் நான்கு பேர் சம்பளமும் சேமநிதி, சொக்சோவும் சேர்த்து 44,700. கடைகளுக்குப் போய்வரும் பெட்ரோல், டோல், விற்பனைச் செலவு 6,250. சர்வருக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் 5,130, வாடகை 4,800, பாதி விலைக்குக் கொடுத்த பில் பிரிண்டர்களில் நம் பங்கு 3,500. டிசம்பர் 31 அன்று வங்கியில் 118,400 வெள்ளி இருந்தது. மார்ச் 31 அன்று 76,440. மாதம் 14,000 வெள்ளி கரைகிறது. இப்படியே போனால் செப்டம்பர் நடுவரை தாங்கும். ஊழியர் சேமநிதியிலோ வாடகையிலோ ஒரு காசு பாக்கி இல்லை.

போன 58 கடைகளில் 41 கடைகள் சொன்ன காரணம் ஒன்றுதான்: "இனி எங்களுக்குத் தேவையில்லையே." ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் வெள்ளிக்குக் கீழே இருந்தால்தான், பில்லை மின்வழி வரித்துறைக்கு அனுப்பும் இ-இன்வாய்ஸிலிருந்து விலக்கு என்று முன்பு இருந்தது. டிசம்பரில் அரசாங்கம் அந்த வரம்பைப் பத்து லட்சமாக உயர்த்தியது. சின்ன வியாபாரிகளுக்கு அது நல்ல செய்தி, எங்கள் அம்மாவின் தையல் கடை உட்பட. நமக்குத்தான் அடி. நாங்கள் கடை கடையாகப் போய், "ஜூலையிலிருந்து கட்டாயம், இப்போதே சேர்ந்துகொள்ளுங்கள்" என்றுதான் விற்றோம். கட்டாயம் போனதும் கடைக்காரர்களும் போய்விட்டார்கள். அரசாங்கத்தை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயத்தைக் காட்டி விற்றது என் முடிவு. விற்கும்போது சுலபமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இன்னும் 9 கடைகள் மூடப்பட்டன அல்லது வேறு செயலிக்கு மாறிவிட்டன. மீதி 8 கடைகளை இழந்தது முழுக்க எங்கள் தவறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

இந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை லெபோ குவீனில் மாலைக் கடை, தேங்காய்க் கடை எல்லாவற்றிலும் கூட்டம் சாலை வரை நின்றது. முந்தின நாள் இரவுதான் நாங்கள் செயலியில் ஒரு புது மாற்றத்தை ஏற்றியிருந்தோம். சரியாக ஆறு மணிக்குப் பில் பதிவாகிறது, ஆனால் பிரிண்டரிலிருந்து வெறும் வெள்ளைக் காகிதம் வருகிறது. சரிசெய்ய மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. நான் ஓடிப்போய் நின்ற கடையில் அக்கா ஒருவர் ஒன்றும் பேசாமல், மேசைக்கு அடியிலிருந்து பழைய 555 புத்தகத்தை எடுத்து, காதில் செருகியிருந்த பால்பாயிண்டால் எழுத ஆரம்பித்தார். விரலெல்லாம் மல்லிகைத் தண்ணீர், பக்கமெல்லாம் மை பரவிவிட்டது. "தம்பி, நீ அந்தப் பக்கம் நின்னு மாலையை எடுத்துக் கொடு" என்றார். ஒன்பது மணி வரை மாலை எடுத்துக் கொடுத்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம்: பெருநாளுக்கு முந்தைய இரண்டு வாரம் யாரும் எதையும் மாற்றக் கூடாது. ஹரிராயாவுக்கு அதன்படியே இருந்தோம், ஒரு புகாரும் வரவில்லை.

அடுத்த வாரமே இன்னொன்று நடக்க இருந்து தப்பியது. சில்லறை விற்பனையை மாதத்துக்கு ஒன்றாகத் தொகுத்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் வரித்துறையின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்ப வேண்டும். வாங்கியவர் இடத்தில் பொது எண்ணாகிய EI00000000010 போட வேண்டும். எங்கள் அமைப்பில் ஒரு பூஜ்யம் விட்டுப்போய் 19 கடைகளின் ஜனவரித் தொகுப்பு திரும்பி வந்துவிட்டது. பிப்ரவரி 5 இரவு கண்டுபிடித்தோம், 6ஆம் தேதி எல்லாம் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர்களிடம் நாங்களே சொல்லிவிட்டோம்.

சரி, நல்லதும் கொஞ்சம் உண்டு. புதிதாக வந்த 46 கடைகளில் 38 கடைகள் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை உள்ளவை: வாழை இலை உணவகங்கள், துணிக்கடைகள், மளிகை மொத்த வியாபாரிகள். இந்த ரகத்தில் விட்டுப்போனவை மூன்றே மூன்று. இப்போது 131 கடைகளில் 62 இப்படிப்பட்டவை. மீதி 69 சின்னக் கடைகளுக்கு இ-இன்வாய்ஸ் தேவையே இல்லை, ஆனாலும் மாதம் 59 வெள்ளி கட்டுகிறார்கள். ஏன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். பெரும்பாலோர் சொன்னது கடன் கணக்கு. யார் எவ்வளவு பாக்கி என்று காட்டி, சம்பள நாளன்று வாடிக்கையாளருக்குத் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும் அந்தச் சின்ன வசதி. ஒரு வாரத்தில் விளையாட்டாகச் செய்து சேர்த்தது அது. மேலே சொன்ன மாலைக் கடை அக்காவும் இதற்காகத்தான் இன்னும் இருக்கிறார்.

ஆகவே வரியைச் சொல்லிச் சின்னக் கடைகளுக்கு விற்பதை நிறுத்திவிட்டோம். அவர்களுக்குக் கடன் கணக்கு மட்டும். பெரிய கடைகளுக்கு அவர்களுடைய கணக்காளர் வழியாகப் போகிறோம், ஏனென்றால் முடிவெடுப்பது முதலாளி இல்லை, கணக்காளர்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

மே மாதத்திலிருந்து நான் சம்பளம் எடுக்கப்போவதில்லை. பிரிண்டர் சலுகையும் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து மாதம் கரைவதைச் சுமார் 10,000 வெள்ளிக்குக் கொண்டுவரும். புதுப் பணம் வராவிட்டாலும் நவம்பர் முதல் வாரம் வரை ஓடலாம். வீட்டில் மனைவியின் ஆசிரியர் சம்பளம் இருக்கிறது, அதனால் இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது உங்களிடம் கேட்பது. ஏழு பேரும் சேர்ந்து 90,000 வெள்ளி, முன்பு போட்ட அதே நிபந்தனையில், பங்காக மாறும் கடனாக. பாதி ஜூனில், பாதி செப்டம்பரில். கணக்காளர்களைப் பார்த்துப் பேச ஒருவரை மாதம் 3,000 செலவில் எடுக்க வேண்டும். அவரோடு சேர்த்து அடுத்த ஆண்டு ஏப்ரல் இறுதிவரை பணம் தாங்கும். ஆகஸ்ட் 31க்குள் 180 கடைகள், அதில் 100 பெரியவை என்ற அளவை எட்டாவிட்டால் இரண்டாம் பாதியை நான் கேட்க மாட்டேன். அப்போது கடைகளின் தரவைக் கையில் கொடுத்து, ஊழியர்களுக்கு இரண்டு மாத அறிவிப்புடன் மூடும் வழியைப் பேசுவோம். ஊழியர்கள் மூவருக்கும் இது தெரியும்.

பணம் போட முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம். பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி பக்கம் நாலைந்து கடைகளுக்காவது கணக்கு எழுதும் ஒருவரைத் தெரிந்தால் ஒரு வாட்ஸ்அப் போதும், மறுநாளே போய்விடுவேன். கோலாலம்பூர் மாமா, மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர்களை அறிமுகப்படுத்துவதாகச் சொன்னீர்கள், அதை நினைவூட்டுகிறேன்.

ஏப்ரல் 26 ஞாயிறு காலை பத்து மணிக்கு அலுவலக மாடியில் இருப்பேன். வங்கி அறிக்கையும் கடைப் பட்டியலும் மேசைமேல் இருக்கும். வர முடியாதவர்களை அன்று மாலை நானே கூப்பிடுகிறேன். படி கொஞ்சம் செங்குத்து, சார், கீழிருந்து ஒரு குரல் கொடுங்கள், நானே இறங்கி வருகிறேன்.

அன்புடன்,
முகிலன்