முதல் வகுப்புப் பெற்றோருக்கு வரவேற்பு

அன்பான பெற்றோர்களே, வணக்கம். வாருங்கள்.

வாசலில் பிள்ளை அழுதால் என்ன செய்வது என்பதுதான் உங்களில் பலருடைய கவலை. அழட்டும், தப்பில்லை. கட்டியணைத்து, "மதியம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் நழுவ மட்டும் வேண்டாம். அப்புறம் நாள் முழுக்க அவர்கள் கண் கதவிலேயே இருக்கும். நீங்கள் போனதும் நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

காலை 8:45க்கு மணி அடிக்கும். 10:30க்கு இடைவேளை, சாப்பாட்டு டப்பாவைத் தானே திறக்க வீட்டில் பழக்குங்கள். கழிப்பறைக்கு எப்போது கேட்டாலும் அனுப்புவோம். 12:30க்கு வகுப்பு முடியும். அழைத்துப்போக வேறு யாராவது வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அனுப்பமாட்டோம்.

இன்னும் எழுத்து தெரியவில்லையே என்று தவிக்காதீர்கள். அதைச் சொல்லித்தரத்தான் நான் இருக்கிறேன். சரி, பிள்ளைகள் உட்காரப்போகும் இடத்தைப் பார்க்கலாம், வாருங்கள்.