கோயில் மண்டபமும் தமிழ் வகுப்புக் கட்டடமும்: தள ஆய்வு அறிக்கை

ஆய்வு நாள்: 10 மே 2025, சனிக்கிழமை, காலை 7 முதல் 10 மணி வரை
நேரில் பார்த்தவர்: நம் ஊர் மூத்த மேஸ்திரி, உடன் ஒரு கையாள்
எழுதியவர்: கோயில் கட்டடக் குழுச் செயலாளர்
ஆதாரம்: மேஸ்திரி வைபரில் அனுப்பிய 14 குரல் பதிவுகள், மொத்தம் 31 நிமிடம்
பெறுவோர்: கோயில் பெரியவர்கள், தமிழ் வகுப்பு ஆசிரியர்கள், ரங்கூனில் இருந்து உதவ முன்வந்திருக்கும் அன்பர்கள்

உடனே தெரிய வேண்டியது

மண்டபத்தின் மேற்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மழைக்கு முன் முட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை மண்டபத்துக்குள் யாரும் போகக் கூடாது. சுவருக்குப் பின்னால் கிணற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையையும் இன்றே அடைக்க வேண்டும். விழுந்தால் அந்தச் சுவர் பாதையின் மேல்தான் விழும். மரத்தில் கட்டிய தமிழ் வகுப்புக் கட்டடம் நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு காலைச் சரிசெய்துவிட்டு அங்கே வகுப்பு நடத்தலாம்.

குரலிலிருந்து எழுத்துக்கு

மேஸ்திரி எழுதிப் பழகியவர் அல்ல. ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். நின்ற இடத்தில் நின்று பேசி அனுப்பியதை நான் மூன்று முறை கேட்டு எழுதினேன். எழுதியதை அன்று இரவே தொலைபேசியில் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார்.

முதல் திருத்தம் திசை. "இடது பக்கம் வெடிச்சிருக்கு" என்று 3ஆம் பதிவில் சொன்னார், 5ஆம் பதிவில் அதே வெடிப்பை "வலது பக்கம்" என்றார். முதலில் வெளியே நின்று பேசியிருக்கிறார், அப்புறம் உள்ளே போயிருக்கிறார். அதனால் இந்த அறிக்கையில் இடது, வலது என்ற சொற்களே இல்லை. வாசல் கிழக்கு, மேடை மேற்கு என்று வைத்து எல்லாவற்றையும் திசையால் குறித்திருக்கிறேன்.

இரண்டாவது அளவு. 6ஆம் பதிவில் அவர் அளவு சொல்லும் நேரத்தில் ரயில் போனது. "ஒன்னே…" மட்டும் கேட்டது. ஒன்றேகாலா, ஒன்றேமுக்காலா என்று தெரியவில்லை. நானே ஒன்றை ஊகித்து எழுத மனம் வரவில்லை. மறுநாள் காலை திரும்பப் போய் அளந்து, ஒன்றேமுக்கால் அங்குலம் என்று சொன்னார்.

கீழே "அளந்தது" என்றால் நாடாவோ தூக்குக்குண்டோ வைத்து எடுத்த அளவு. "பார்த்தது" என்றால் கண்ணால் பார்த்தது. "கணிப்பு" என்றால் அவருடைய அனுபவம் சொல்வது. "சந்தேகமா இருக்கு" என்று அவர் சொன்ன இடத்தில் நானும் சந்தேகம் என்றே எழுதியிருக்கிறேன்.

1. மண்டபம், மேற்குச் சுவர் (பதிவுகள் 3 முதல் 7)

மேடைக்குப் பின்னால் உச்சியில் முக்கோணமாக முடியும் சுவர் இது. 9 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, உள்ளே கம்பி கிடையாது. உச்சி உயரம் 22 அடி. 5ஆம் பதிவில் மேஸ்திரி பேசியதை அப்படியே தருகிறேன். இதை நான் சுருக்கினால் விஷயம் போய்விடும்:

"தம்பி, இங்க மேல பாரு… சரி, நீ பாக்க முடியாது, நான் சொல்றேன். கூரைச் சட்டம் வந்து செவுத்துக்குள்ள ஒக்காருதில்ல, அந்தக் குழியிலேருந்து சட்டம் ரெண்டு விரக்கடை வெளிய வந்துருக்கு. வெளிய வந்த மரம் புதுசு மாதிரி பளிச்சுன்னு இருக்கு. சுண்ணாம்பு படல, ஒட்டடை இல்ல. அப்ப இது பழைய சாய்வு இல்ல. சட்டம் நகரலப்பா, செவுருதான் விட்டுட்டுப் போயிருக்கு."

மூன்று சட்டங்களில் இப்படி இருக்கிறது (பார்த்தது). வடமேற்கு மூலையில் 14 அடி உயரத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டதில், அடியில் நூலுக்கும் சுவருக்கும் இடைவெளி 1¾ அங்குலம் (அளந்தது). மூலையைப் பக்கச் சுவர் பிடித்திருக்கிறது. நடுவில் பிடிப்பு இல்லை, அங்கே சாய்வு இன்னும் அதிகம் (கணிப்பு). நடுப்பகுதியை அளக்க ஏணி போட வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

மார்ச் 28 வெள்ளிக்கிழமை பகல் 12:50க்கு வந்த 7.7 அளவு நிலநடுக்கத்தின் மையம் சகாயிங், மாந்தலே பக்கம். ஆனால் சகாயிங் பிளவு வடக்கிலிருந்து தெற்காக நம் ரயில் பாதை ஓரமாகவே பெகு வரை வருகிறது. மையம் தூரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பெகு ஷ்வேமாடோ பகோடா விழுந்த கதையை மேஸ்திரி 7ஆம் பதிவில் தம் தாத்தா வாய்மொழியாகச் சொல்கிறார். அது 1930 மே 5 நிலநடுக்கம். "தாத்தா சொல்லுவாரு, மரவீடு ஆடும், செங்கல் வீடு பொளக்கும்னு" என்கிறார். நம் வளாகத்திலும் இப்போது அப்படித்தான் நடந்திருக்கிறது.

பாதை பற்றி: சுவரிலிருந்து பாதை 6 அடி தூரம், தேநீர்க் கடையின் பெஞ்சு 15 அடி தூரம் (இரண்டும் அளந்தது). சுவரின் உயரம் 22 அடி. ஆகவே கயிறு 25 அடிக்கு அப்பால் கட்ட வேண்டும், பெஞ்சுகள் கிழக்கே ரோட்டுப் பக்கம் மாற வேண்டும். கடைக்கார அக்காவிடம் மேஸ்திரியே பேசிவிட்டார், அவர் சம்மதித்துவிட்டார்.

2. மண்டபம், தெற்குச் சுவர் (பதிவு 8)

ஐந்து ஜன்னல்களின் மூலைகளிலிருந்தும் கோணலாக வெடிப்பு ஓடுகிறது. செங்கல்லை உடைக்காமல் காரை வழியே படிப்படியாக இறங்குகிறது. மேஸ்திரி கையில் இருந்த ஏ.டி.எம். கார்டை நுழைத்துப் பார்த்திருக்கிறார். மேடைப் பக்கமுள்ள இரண்டு ஜன்னல்களில் கார்டு போகிறது, மற்ற மூன்றில் போகவில்லை. கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர், எனவே அந்த இரண்டும் அதைவிட அகலம். அவற்றின் குறுக்கே சிமெண்ட் பொட்டு வைத்து, ஈரத்திலேயே 10-5-25 என்று ஆணியால் கீறியிருக்கிறார். பொட்டு வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். தயவுசெய்து யாரும் அதைச் சுரண்டவோ, வெள்ளையடிக்கவோ வேண்டாம்.

3. முன்தாழ்வாரத் தூண்கள் (பதிவுகள் 9, 10)

நான்கு கான்கிரீட் தூண்களையும் சுத்தியலால் தட்டியிருக்கிறார். அந்தச் சத்தம் பதிவிலேயே கேட்கிறது. மூன்று தூண்கள் "டங்" என்று கெட்டியாகப் பேசுகின்றன. தெற்கிலிருந்து இரண்டாவது தூண் மட்டும் 2 அடி உயரம் வரை "டொக்… டொக்" என்று பொய்யாகச் சத்தம் தருகிறது. உரிந்த இடத்தில் கம்பி துருவேறி ஊதியிருக்கிறது (பார்த்தது).

இதை நிலநடுக்கச் சேதக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தத் தூணுக்கு நேர் மேலே தகரப் பீலி பல வருடமாக ஒழுகுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, மேல் பூச்சைத் தள்ளிவிட்டிருக்கிறது. நிலநடுக்கம் உதிர்த்தது கடைசித் துண்டைத்தான். ரங்கூன் அன்பர்கள் நிலநடுக்க உதவி என்று தரும் பணத்தை நாம் பராமரிக்காமல் விட்டதற்குச் செலவிடுவது சரியில்லை என்பது என் கருத்து. மேஸ்திரிக்கும் அதுவே எண்ணம். தூணைக் கோயில் நிதியில் சரிசெய்வோம்.

4. தமிழ் வகுப்புக் கட்டடம் (பதிவுகள் 11, 12)

பியிங்கடோ மரக்கால்கள், பலகைச் சுவர், தகரக் கூரை. வடகிழக்குக் கால் மட்டும் அடிக்கல்லிலிருந்து 1 அங்குலம் நகர்ந்திருக்கிறது (அளந்தது). ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய இடத்தில் உட்காரவைத்து, இரும்புப் பட்டை அடிக்க அரை நாள் போதும். மற்றக் கால்கள் எல்லாம் நேராக இருக்கின்றன, கரையானும் இல்லை. இடம் சிறியது என்பதால்தான் கோடை வகுப்பை மண்டபத்துக்கு மாற்றியிருந்தோம். இனி பிள்ளைகளைக் காலை, மாலை என்று இரண்டு பிரிவாகப் பிரித்து இங்கேயே நடத்தும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இன்னும் சில வாரங்கள் அவர்களுக்குப் பாடம் கிடைக்க வேண்டும்.

5. சமையல்கூடம், கிணறு (பதிவு 13)

சமையல்கூடத்தில் சேதம் இல்லை. கிணற்று நீர் நிலநடுக்கத்துக்குப் பிறகு சில நாள் கலங்கி, இப்போது தெளிந்திருக்கிறது. உறையில் வெடிப்பு இல்லை. கொதிக்கவைத்தே குடிக்கவும். கிணற்றுக்கு இனி சமையல்கூடத்தைச் சுற்றி வரவும்.

6. பார்க்காதவை

மண்டபத்தின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கவில்லை. மேடைக்கு மேல் உள்ள கூரைப் பகுதிக்குக் கீழே யாரும் நிற்கவில்லை. கோயில் கருவறையும் விமானமும் இந்த ஆய்வில் இல்லை, அவற்றை ஸ்தபதிதான் பார்க்க வேண்டும். மேற்குச் சுவரை இடிப்பதா, கட்டிப் பிடிப்பதா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து முடிவு செய்ய வேண்டும். 14ஆம் பதிவில் மேஸ்திரியே இதைச் சொல்கிறார்: "முட்டு நான் குடுக்குறேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க, படிச்சவங்களக் கூட்டியாங்க."

7. செய்ய வேண்டியவை

பாதையை அடைத்துக் கயிறு கட்டுதல், பர்மியிலும் தமிழிலும் பலகை வைத்தல்: இன்றே, இளைஞர்கள் பொறுப்பு. பலகையைப் பர்மியில் பெரிதாக எழுதவும், அந்தப் பாதையில் நடப்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

மேற்குச் சுவருக்கு வெளிப்புற முட்டு: மே 16க்குள், மேஸ்திரியும் நான்கு ஆட்களும், இரண்டு நாள் வேலை. சுவர் அடியில் நின்று வேலை செய்வதால், முட்டு ஏறும்வரை ஒருவர் தள்ளி நின்று சுவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மரம் கோயில் கொட்டகையில் இருக்கிறது, வாங்க வேண்டியதில்லை.

வகுப்புக் கட்டடத்தின் கால்: முட்டு வேலை முடிந்த மறுநாள். அதுவரை வகுப்பு இல்லை.

பொறியாளரை அழைத்தல்: ரங்கூன் அன்பர்களிடம் இந்த அறிக்கையோடு 14 குரல் பதிவுகளையும் அனுப்பியிருக்கிறேன். வருகிறவர் 5ஆம், 9ஆம் பதிவுகளைக் கேட்டுவிட்டு வந்தால் நல்லது.

சிமெண்ட் பொட்டுகளைப் பார்த்தல்: மே 18 ஞாயிறு காலை, அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு நில அதிர்வுக்குப் பிறகும். மண்டபத்துக்குள் நுழையாமல் தெற்கு முற்றத்தில் நின்றே பார்க்கலாம். பார்த்தவர் நாளையும் நேரத்தையும் சொல்லி எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.