34 வார ஸ்கான்: உங்கள் ரிப்போர்ட்டோடு சேர்த்து வாசிக்க

அன்புள்ள தங்கச்சிக்கு,

இன்று ஸ்கான் முடிந்து எழும்பும்போது, "பிள்ளை வளரவில்லையா டொக்டர்?" என்று கேட்டீர்கள். வெளியே இன்னும் பலர் காத்திருந்ததால் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. வீட்டில் அம்மாவும் கணவரும் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்பார்கள் என்பதால், அதில் உள்ளதை ஆறுதலாக எழுதித் தருகிறேன்.

வெள்ளவத்தை கிளினிக்கில் மிட்வைஃப் டேப்பால் வயிற்றை அளந்தபோது 30 சென்டிமீட்டர்தான் வந்தது. 34 வாரத்துக்கு அது குறைவு. அதனால்தான் உங்களை அனுப்பினார்கள். அனுப்பியது நல்ல காரியம்.

முதலில் வளர்ச்சி. ரிப்போர்ட்டில் BPD, HC என்று இருப்பவை தலையின் அகலமும் சுற்றளவும். FL தொடை எலும்பின் நீளம். AC வயிற்றுச் சுற்றளவு. உங்கள் பிள்ளைக்கு BPD 83, HC 304, FL 63, AC 276 மில்லிமீட்டர். இந்த நான்கில் நான் அதிகம் கவனிப்பது AC. பிள்ளைக்குச் சாப்பாடு போதாமல் போனால், ஈரலில் சேர்த்து வைக்கும் சத்தும் வயிற்றுக் கொழுப்பும் முதலில் குறையும். தலை கடைசிவரை தாக்குப் பிடிக்கும். உங்கள் ரிப்போர்ட்டிலும் தலை அளவோடு ஒப்பிட்டால் வயிறு கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது.

இந்த அளவுகளை வைத்து மெஷின் கணக்குப் போட்டுச் சொல்வது EFW, அதாவது உத்தேச எடை: 1946 கிராம். உத்தேசம் என்பதை மறக்க வேண்டாம். பிள்ளையை யாரும் தராசில் வைக்கவில்லை. இந்தக் கணக்கு 15 சதவீதம் வரை கூடக் குறைய வரலாம். அப்படியென்றால் உண்மையான எடை 1650இலிருந்து 2240 கிராம் வரை எங்கேயும் இருக்கலாம்.

பக்கத்தில் 9 என்று இருப்பதைப் பார்த்துத்தான் பயந்தீர்கள். அது நூற்றுக்கு ஒன்பது மார்க் இல்லை. 34 வாரத்துப் பிள்ளைகள் நூறு பேரை எடை வரிசையில் நிறுத்தினால், உங்கள் பிள்ளை சிறிய பக்கத்திலிருந்து ஒன்பதாவது இடத்தில் நிற்கிறது. பத்துக்குக் கீழே வந்தால் 'சின்னப் பிள்ளை' என்று குறித்துக் கவனமாகப் பார்ப்போம். அந்தப் பத்துப் பேரில் கணிசமானோர் இயல்பிலேயே சின்ன உடம்புக்காரர். நீங்களும் 4 அடி 11 அங்குலம்தான். ஆனால் மற்றவர்களுக்கு நஞ்சுக்கொடி போதிய சத்தைக் கொடுக்காமல் இருக்கலாம். உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் மற்ற இரண்டு சோதனைகளும்.

அதற்கு முன் இன்னொன்று. ரிப்போர்ட்டில் AUA 32w6d என்று ஒரு வரி இருக்கும். அதை வைத்து யாரும் பிள்ளைப்பேற்றுத் திகதியைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. அது இன்றைய அளவுகள் எந்த வாரத்துப் பிள்ளையின் சராசரிக்குப் பொருந்துகின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் திகதி 12 வாரத்தில் எடுத்த ஸ்கானிலேயே முடிவாகிவிட்டது. இப்போது திகதியை மாற்றினால், சின்னப் பிள்ளை 'சரியான அளவு' என்று ஆகிவிடும். கவனிக்க வேண்டிய பிள்ளை கவனிப்பில்லாமல் போய்விடும்.

அடுத்தது பன்னீர்க்குடத் தண்ணீர். வயிற்றை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆழமான இடத்தை மேலிருந்து கீழாக அளந்து கூட்டினேன். தொப்புள்கொடி சுருண்டு கிடந்த இடங்களை விட்டுவிட்டேன். உங்களுக்கு வந்தது 2.4, 1.9, 2.3, 1.7. கூட்டினால் AFI 8.3 சென்டிமீட்டர். பொதுவாக 5இலிருந்து 25 வரை சரியென்று எடுப்போம். ஆக, நடுவை விடக் கீழே, ஆனால் போதியது.

இந்த நேரத்தில் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். பிள்ளைக்கு இரத்தம் குறைவாக வந்தால் அது மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம் கொடுக்கும். சிறுநீரகத்துக்குப் போவது குறையும், தண்ணீரும் குறையும். அதனால்தான் இதை அளக்கிறோம். 'செவ்விளநீர் குடித்தால் தண்ணீர் ஏறும்' என்று மாமி சொன்னதாகச் சொன்னீர்கள். தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள். கொழும்பு வெயிலுக்கு உடம்பு வறண்டு போக விடக் கூடாது. ஆனால் நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்தால் இளநீர் அதைத் திருத்தாது.

கடைசியாக டொப்ளர். நீங்கள் கேட்ட அந்த 'ஷ்... ஷ்...' சத்தம் தொப்புள்கொடியின் இரத்தக் குழாயில் பிள்ளையின் இரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடும் சத்தம். பிள்ளை அசையாமல் அமைதியாக இருக்கும்போதுதான் இதைச் சரியாக எடுக்கலாம். அதற்காகத்தான் அவ்வளவு நேரம் ஸ்கான் கருவியை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

திரையில் வரிசையாக மலைகள் மாதிரி தெரிந்ததே, ஒவ்வொரு மலையும் பிள்ளையின் ஓர் இதயத் துடிப்பு. நான் பார்ப்பது உச்சியை விட, இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தை. இதயம் ஓய்வெடுக்கும் அந்தக் கணத்திலும் இரத்தம் முன்னோக்கி ஓட வேண்டும். நஞ்சுக்கொடியின் நுண்குழாய்கள் கெட்டுப்போனால் எதிர்ப்பு கூடும், பள்ளம் அடிக்கோட்டை நோக்கி இறங்கும். கோட்டைத் தொட்டால் ஓட்டம் அந்தக் கணத்தில் நின்றுவிட்டது என்று அர்த்தம். கோட்டுக்குக் கீழே போனால் இரத்தம் திரும்பி ஓடுகிறது. அப்படி இருந்தால் உங்களை வீட்டுக்கே விட்டிருக்க மாட்டேன். உங்கள் பிள்ளைக்குப் பள்ளம் கோட்டை விட நன்றாக மேலே நிற்கிறது. அந்த எதிர்ப்பை எண்ணாகச் சொல்லும் PI 0.98, 34 வாரத்துக்கு வர வேண்டிய அளவுக்குள். மூளைக்குப் போகும் குழாயையும் பார்த்தேன். MCA என்று இருக்கும், அதுவும் நல்லது.

சரி, இப்போது மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளை சின்னது. ஆனால் தண்ணீர் போதும், இரத்த ஓட்டம் நல்லது, உங்கள் பிரஷரும் 110/70. இன்று வார்டில் நிற்கவோ அவசரமாகப் பிள்ளையை எடுக்கவோ காரணம் இல்லை.

ஆனாலும் கடைசி வாரங்களில் தொப்புள்கொடி டொப்ளர் நன்றாக இருக்கும்போதே சில பிள்ளைகளுக்குச் சத்துக் குறையலாம். அதனால் இரண்டு வாரம் கழித்து 36 வாரத்தில் திரும்ப வாருங்கள். அதற்கு முன் எடையை அளந்தால் அளவுப் பிழையா வளர்ச்சியா என்று பிரித்தறிய முடியாது. நடுவில் மனம் கேட்கவில்லை என்று காலி வீதியில் வேறோர் இடத்தில் ஸ்கான் எடுக்க வேண்டாம். வேறு மெஷின், வேறு கை, வேறு எண் வரும். எடை ஏறுகிறதா என்று பார்க்க ஒரே கை நல்லது. அந்த ஸ்கானைப் பார்த்துத்தான் எப்போது, எப்படிப் பிள்ளை பெறுவது என்பதை உங்கள் விசேட வைத்தியர் தீர்மானிப்பார். சின்னப் பிள்ளை என்றால் சிசேரியன்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதுவரை உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது: பிள்ளையின் துடிப்பை, அதாவது அசைவைக் கவனிப்பது. உங்கள் பிள்ளை எந்த நேரத்தில், எப்படி ஆடும் என்பது எந்த மெஷினையும் விட உங்களுக்குத் தெரியும். வழக்கத்தை விடக் குறைந்தாலோ மாறினாலோ, இனிப்புச் சாப்பிட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். தண்ணீர் கசிந்தாலும், இரத்தம் பட்டாலும், விடாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலும் அப்படித்தான். நடுச்சாமம் என்றாலும் நேரே நீங்கள் பதிந்திருக்கும் காசல் வீதி வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசு கேட்க மாட்டார்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை, அடுத்த தடவையும் போங்கள்.

பக்கவாட்டில் படுங்கள். திரிபோஷாவை வீட்டில் எல்லாருக்கும் பங்கு வைக்காமல் நீங்களே சாப்பிடுங்கள். கணவர் சிகரெட் பிடிப்பதென்றால் வீட்டுக்குள் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது கர்ப்பகாலக் கார்டு, இன்றைய ரிப்போர்ட், 12 வார ஸ்கான் மூன்றையும் கொண்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டே வரலாம்.

உங்களை ஸ்கான் செய்த டொக்டர்