ஒற்றை முனை எத்தனை? (கோட்டுருவியல், பயிற்சித் தாள் 4)

சனிக்கிழமை வகுப்பு, பதினொன்றாம் வகுப்பினருக்கு. நேரம் ஒன்றரை மணி. பென்சில், ரப்பர், நிறையக் கிறுக்குவதற்குப் பழைய தாள். கால்குலேட்டர் வேண்டாம், இரண்டால் வகுக்கத் தெரிந்தால் போதும்.

சொற்கள்

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்தது கோட்டுரு. புள்ளிக்கு முனை என்றும் கோட்டுக்கு விளிம்பு என்றும் பெயர். ஒரு முனையில் எத்தனை விளிம்புகள் வந்து தொடுகின்றனவோ, அதுதான் அந்த முனையின் படி. பேசும்போது வெர்டெக்ஸ், எட்ஜ், டிகிரி என்றுதான் நம் எல்லோர் வாயிலும் வருகிறது. விடைத்தாளில் எதை எழுதினாலும் சரி, ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கோடு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா, நீளம் எவ்வளவு என்பதெல்லாம் இங்கே கணக்கில் இல்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். இரண்டு முனைகளுக்கிடையே இரண்டு கோடுகள் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒரு முனையில் கிளம்பி அதே முனைக்குத் திரும்பும் கோட்டுக்குக் கண்ணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதன் இரண்டு நுனிகளும் அங்கேயே தொடுவதால் படியில் 2 கூடும்.

படி எண்ணுவது

சின்ன வயதில் எல்லோரும் வரைந்த படத்தையே எடுத்துக்கொள்வோம். பென்சிலைத் தூக்காமல் போடும் வீடு. ஒரு சதுரம், உள்ளே இரண்டு மூலைவிட்டங்கள், மேலே முக்கோணக் கூரை.

கீழ் இடது மூலை அ, கீழ் வலது ஆ, மேல் வலது இ, மேல் இடது ஈ, கூரை உச்சி உ. விளிம்புகள்: அஆ, ஆஇ, இஈ, ஈஅ, அஇ, ஆஈ, இஉ, ஈஉ. மொத்தம் 8.

படத்தைப் பார்த்து எண்ணாதீர்கள், கண் ஏமாற்றும். பட்டியலில் ஒவ்வொரு விளிம்பாக எடுத்து, அதன் இரண்டு நுனி முனைகளின் பெயருக்கு நேராக ஒவ்வொரு கோடு போடுங்கள். கிரிக்கெட் ஸ்கோர் போடுவது போலத்தான்.

| முனை | தொடும் விளிம்புகள் | படி |
|---|---|---|
| அ | அஆ, ஈஅ, அஇ | 3 |
| ஆ | அஆ, ஆஇ, ஆஈ | 3 |
| இ | ஆஇ, இஈ, அஇ, இஉ | 4 |
| ஈ | இஈ, ஈஅ, ஆஈ, ஈஉ | 4 |
| உ | இஉ, ஈஉ | 2 |

கூட்டினால் 16. விளிம்புகளோ 8. இது தற்செயல் இல்லை. ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு நுனி, ஆகவே அது கூட்டலில் இரண்டு முறை வந்துவிடும். எந்தக் கோட்டுருவிலும் படிகளின் கூட்டுத்தொகை = 2 × விளிம்புகளின் எண்ணிக்கை.

இதிலிருந்து இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படை. அதனால் ஒற்றைப்படைப் படி உள்ள முனைகள் 0, 2, 4, 6 என்றுதான் இருக்க முடியும். 1, 3, 5 என்று வரவே வராது. யாராவது “ஒற்றை முனை மூன்று” என்று எழுதிக் கொண்டுவந்தால் படத்தைப் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன். எண்ணியதில் எங்கோ தவறு.

போன முறை வகுப்பில் பாதிப் பேர் மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளும் நடுவிடத்திலும் ஒரு புள்ளி வைத்திருந்தீர்கள். அங்கே முனை இல்லை. மேம்பாலமும் கீழே போகும் சாலையும் மாதிரி, ஒன்றை ஒன்று கடக்கின்றன, அவ்வளவுதான். புள்ளி வைத்தால் அது 10 விளிம்புள்ள வேறு கோட்டுரு ஆகிவிடும்.

ஏழு பாலங்கள்

18ஆம் நூற்றாண்டில் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் வழியே பிரெகல் ஆறு ஓடியது. ஆற்றின் நடுவே க்னைப்ஹோஃப் என்ற தீவு. தீவைத் தாண்டிக் கிழக்கே, ஆற்றின் இரு கிளைகளுக்கு இடையே இன்னொரு நிலப்பகுதி. வடகரை, தென்கரை, தீவு, கீழைநிலம் என நான்கு துண்டுகள், ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து நகரைச் சுற்றிவர முடியுமா என்பது கேள்வி.

பாலங்கள்: தீவு–வடகரை 2, தீவு–தென்கரை 2, தீவு–கீழைநிலம் 1, வடகரை–கீழைநிலம் 1, தென்கரை–கீழைநிலம் 1.

நிலத்துண்டை முனையாகவும் பாலத்தை விளிம்பாகவும் எடுத்தால் படிகள்: தீவு 5, வடகரை 3, தென்கரை 3, கீழைநிலம் 3. கூட்டுத்தொகை 14, அதாவது 2 × 7. சரியாக இருக்கிறது. நான்குமே ஒற்றை.

சென்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் இருந்த லியோனார்ட் ஆய்லர் 1735இல் இதற்கு விடை சொன்னார்: முடியாது. கட்டுரை அச்சில் வந்தது 1741இல். எல்லா வழிகளையும் எழுதிப் பார்த்துச் சொன்ன விடை இல்லை அது. காரணம் இதுதான். போகிற வழியில் ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தால் நுழைந்தால், இன்னொரு பாலத்தால் வெளியேற வேண்டும். நுழைய ஒன்று, வெளியேற ஒன்று, ஜோடி ஜோடியாகப் பாலங்கள் தீரும். ஆகவே ஒரு நிலத்துக்கு ஒற்றைப்படையாகப் பாலங்கள் இருந்தால் ஒன்று ஜோடி இல்லாமல் மிஞ்சும். அந்த நிலம் பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். ஒரு பயணத்துக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. கோனிக்ஸ்பெர்க்கில் அந்த இரண்டு இடத்துக்கு நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

விதி

கோட்டுரு முழுவதும் ஒரே துண்டாக இணைந்திருந்தால்:

ஒற்றை முனை 0 என்றால், எங்கே தொடங்கினாலும் எல்லா விளிம்பையும் ஒருமுறை கடந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம்.

ஒற்றை முனை 2 என்றால், ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்கலாம். வேறு எங்கே தொடங்கினாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

4 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரே ஓட்டத்தில் முடியாது. 2k ஒற்றை முனைகள் இருந்தால் குறைந்தது k முறை பென்சிலை வைத்துக் கிளம்ப வேண்டும்.

“ஒரே துண்டாக” என்பதை மறந்து மதிப்பெண் விடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஒட்டாமல் தனித்தனியாக இரண்டு முக்கோணங்கள் வரையுங்கள். எல்லா முனைக்கும் படி 2. ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ வழியில்லை. முதலில் இணைப்பைப் பாருங்கள், அப்புறம் படி.

நம் வீட்டுக்கு ஒற்றை முனைகள் அ, ஆ இரண்டும். ஆகவே கீழ் மூலையில் தொடங்க வேண்டும்: அ–ஆ–இ–உ–ஈ–இ–அ–ஈ–ஆ. கூரை உச்சியில் தொடங்கிப் பார்த்தவர்களுக்கு ஏன் எப்போதும் ஒரு கோடு மிஞ்சியது என்று இப்போது தெரிந்திருக்கும்.

வழியைக் கண்டுபிடிப்பது

ஒற்றை முனை இல்லையென்றால் வழி நிச்சயம் உண்டு என்பதற்கு முழு நிரூபணத்தை எழுதியவர் கார்ல் ஹியர்ஹோல்ட்சர். அவர் இறந்த பிறகு 1873இல் வெளிவந்தது. பூக்கட்டுவது போன்ற முறை: ஒரு சுற்றுப் போடு, மிச்சத்தில் இன்னொரு சுற்றுப் போடு, நடுவில் செருகு.

1 முதல் 5 வரை ஐந்து முனைகள், ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் இணைந்தது. படி எல்லாம் 4, விளிம்புகள் 10.

முதல் சுற்று: 1–2–3–1. மூன்று விளிம்புகளை அடித்துவிடுங்கள். மிச்சம் 14, 15, 24, 25, 34, 35, 45.

1இல் இன்னும் விளிம்பு இருக்கிறது. அங்கிருந்து 1–4–5–1. மிச்சம் 24, 25, 34, 35.

2இல் இருந்து 2–4–3–5–2. தீர்ந்தது.

செருகுவோம். முதல் சுற்றில் 2 வரும் இடத்தில் கடைசிச் சுற்றையும், முடிவில் 1 வரும் இடத்தில் இரண்டாவதையும் வைத்தால்: 1–2–4–3–5–2–3–1–4–5–1. பத்து விளிம்பும் வந்துவிட்டதா என்று விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு இடைச்செருகல். கம்பி வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்தையும் முனையாக எடுத்தால் படி 4. ஆகவே கோலம் ஒரே துண்டாக இருந்தால் ஆய்லர் விதிப்படி ஒரே இழையில் எப்போதும் முடியும். ஆனால் கோலத்தில் வெட்டும் இடத்தில் திரும்பக் கூடாது, நேராகத்தான் கடக்க வேண்டும். அந்தக் கூடுதல் கட்டுப்பாட்டால்தான் சில கோலங்களுக்கு இரண்டு மூன்று இழைகள் தேவைப்படுகின்றன.

பயிற்சி

1. ஏழு பேர் உள்ள குழுவில் ஒவ்வொருவரும் சரியாக மூன்று பேரோடு கைகுலுக்கினார்கள் என்கிறார் ஒருவர். நம்பலாமா?

2. கோனிக்ஸ்பெர்க் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். தீவு–வடகரை ஒன்று, தீவு–தென்கரை ஒன்று என இரண்டு பாலங்கள் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் போயின. ஏழில் அந்த இரண்டை நீக்கிவிட்டுப் படி எண்ணுங்கள். நடை சாத்தியமா? வழியை எழுதுங்கள்.

3. ஒரு குடியிருப்பில் தெருச்சந்திப்புகள் 3 வரிசை, 4 நெடுவரிசையாக 12 உள்ளன. அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு இடையே 100 மீட்டர் தெரு. பால் பாக்கெட் போடுபவர் எல்லாத் தெருவுக்கும் போய்த் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். குறைந்தது எவ்வளவு தூரம்? (1960இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு தபால்காரரை வைத்துக் கேட்ட கேள்வி இதே வகைதான்.)

4. டாமினோ காய் ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். 0 முதல் 6 வரை எல்லா ஜோடிக்கும், இரட்டைக் காய்களும் சேர்த்து, ஒவ்வொன்று: 28 காய்கள். ஒரே எண்கள் ஒட்டும்படி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்க முடியுமா? 0 முதல் 5 வரை மட்டும் உள்ள 21 காய்களை?

5. சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களும் முனைகள். குதிரை ஒரே தாவலில் போகக்கூடிய இரண்டு கட்டங்களுக்கு இடையே விளிம்பு. விளிம்புகள் எத்தனை? ஒவ்வொரு தாவலையும் சரியாக ஒருமுறை செய்து முடிக்க முடியுமா?

விடைகள் (முயன்ற பிறகு)

1. இல்லை. 7 × 3 = 21, ஒற்றைப்படை.

2. தீவு 3, கீழைநிலம் 3, கரைகள் தலா 2. முடியும், திரும்பிவர முடியாது. தீவு–வடகரை–கீழைநிலம்–தீவு–தென்கரை–கீழைநிலம்.

3. தெருக்கள் 17. ஓரத்தில், மூலை அல்லாத ஆறு சந்திப்புகளுக்குப் படி 3. அவற்றை ஜோடி சேர்த்து, இடைப்பட்ட தெருக்களில் இரண்டாம் முறை நடக்க வேண்டும். மேலே இரண்டும் அடுத்தடுத்து, கீழே இரண்டும் அடுத்தடுத்து: 1 + 1. இடது ஓரமும் வலது ஓரமும்: 3. மொத்தம் 5. வேறு எப்படிச் சேர்த்தாலும் 5க்குக் குறையாது. இடதும் வலதும் தங்களுக்குள் சேராவிட்டால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 2, மிஞ்சிய ஜோடிக்கு 1. ஆக 22 தெரு, 2.2 கிலோமீட்டர்.

4. எண்களை முனையாகவும் காய்களை விளிம்பாகவும் எடுங்கள். இரட்டைக் காய் கண்ணி. 0–6இல் படி 6 + 2 = 8, முடியும், வரிசையின் இரு நுனியிலும் ஒரே எண் நிற்கும். 0–5இல் படி 5 + 2 = 7, ஆறு ஒற்றை முனைகள், முடியாது. பொது எண் இல்லாத, இரட்டை அல்லாத இரண்டு காய்களை (01, 23 போல) எடுத்துவிட்டால் மீதி 19ஐ அடுக்கலாம்.

5. படி 2: 4 கட்டங்கள். படி 3: 8. படி 4: 20. படி 6: 16. படி 8: 16. கூட்டுத்தொகை 336, விளிம்புகள் 168. ஒற்றை முனைகள் 8, மூலைக் கட்டத்தை ஓரத்தில் ஒட்டி நிற்கும் கட்டங்கள். முடியாது, குறைந்தது 4 முறை புதிதாகக் கிளம்ப வேண்டும்.