தேர்வுக்கு வராததற்கு மன்னிப்பும் மறுவாய்ப்பு வேண்டுதலும்

பெறுநர்:
வெப்ப இயக்கவியல் பாடப் பேராசிரியர் அவர்கள்,
இயற்பியல் துறை.

பொருள்: இரண்டாம் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு முன்னறிவிப்பின்றி வராதது குறித்து.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை காலை நடந்த தேர்வுக்கு நான் வரவில்லை. தங்களிடமோ துறை அலுவலகத்திலோ ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று விடியற்காலை அப்பாவை எழுப்பியபோது அவர் சரியாகக் கண் விழிக்கவில்லை. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, பேச்சு குழறியது. அவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். முந்தைய இரவு ஊசி போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அவசரப் பிரிவில் பரிசோதித்து, சர்க்கரை 41 என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் தெளிந்து பேசினார். ஆனாலும் சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும் என்று மாலை வரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அம்மா வெளியூர் போயிருந்ததால் உடனிருக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

நான் வராததற்கு இது காரணம். சொல்லாமல் இருந்ததற்கு இதைக் காரணமாகக் காட்ட மாட்டேன். அப்பா தெளிந்த பிறகாவது தங்களுக்குத் தகவல் சொல்லியிருக்கலாம், போன் கையில்தான் இருந்தது. தேர்வு தொடங்கிவிட்டதே, இனி என்ன சொல்வது என்ற பயத்தில் தள்ளிப்போட்டேன். மறுநாளும் துறை வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வரத் தயங்கித் திரும்பிவிட்டேன். தாங்கள் என் வினாத்தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, நான் எங்கே என்று விசாரித்ததாகத் தோழிகள் சொன்னார்கள். அப்படி அக்கறையோடு கேட்டவரிடம் பேசாமல் இருந்தது பெரிய தவறு.

தயவுசெய்து எனக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டுகிறேன். வேறு வினாத்தாளில் எழுத்துத் தேர்வாக இருந்தாலும் சரி, வாய்மொழித் தேர்வாக இருந்தாலும் சரி, தாங்கள் சொல்லும் நாளில் வருகிறேன். தாமதத்துக்காக மதிப்பெண் குறைத்தாலும் மனமார ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் பாடத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை அம்மா. கார்னோ சுழற்சிக் கணக்குகளையும், என்ட்ரோபி பகுதியில் தாங்கள் வகுப்பில் கொடுத்த கணக்குகளையும் முழுவதும் போட்டு முடித்திருக்கிறேன். மீளாச் செயல்முறையில் என்ட்ரோபி மாற்றத்தைக் கணக்கிட, அதே தொடக்க, இறுதி நிலைகளுக்கு இடையே ஒரு மீள் பாதையை ஏன் எடுத்துக்கொள்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது. படித்ததைத் தங்கள் முன் எழுதிக் காட்ட வேண்டும் என்ற ஆசை உண்மையாகவே இருக்கிறது.

மறுதேர்வுக்குத் துறைத் தலைவரின் அனுமதி வேண்டுமென்றால், அவருக்குத் தனியே விண்ணப்பம் எழுதித் தருகிறேன். நாளை மதிய இடைவேளையில் தங்களை நேரில் வந்து பார்க்கிறேன். அப்பா இப்போது நலமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
கயல்விழி,
இரண்டாம் ஆண்டு இயற்பியல்.

இணைப்பு: மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், அப்பாவின் கையொப்பமிட்ட கடிதம்.