ஒரு லட்சம் பேர் ஆகிட்டோம்!

வணக்கம் மக்களே! நம்ம சேனல் ஒரு லட்சம் சப்ஸ்கிரைபர்களைத் தொட்டுவிட்டது. யூடியூப் 1 லட்சத்துக்குக் கொடுக்கும் வெள்ளிப் பட்டனுக்கு இனி விண்ணப்பிக்கலாம் என்று தம்பி சொன்னதிலிருந்து வீட்டில் எல்லார் முகத்திலும் ஒரே சிரிப்புதான். அவன்தான் கேமரா, எடிட்டிங் எல்லாம், நான் சமைப்பதும் பேசுவதும். வேறு யாரும் கிடையாது.

நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனசு வரவில்லை, ஏனென்றால் இந்தச் சேனல் இன்றைக்கு இருக்கும் விதத்தில் பாதி நீங்கள் கேட்டுக் கேட்டு உருவானது. இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கும் ஒருவர், "அக்கா, மிதமான தீ என்றால் எனக்கு எந்த நம்பர்?" என்று கேட்டார். அடுப்புக்கு அடுப்பு சூடு மாறும், பாத்திரத்தின் கனத்துக்கும் மாறும், அதனால்தான் இப்போதெல்லாம் நிமிடக் கணக்கோடு நிறுத்தாமல் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும் வரை, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும் வரை என்று அடையாளத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பார்வை இல்லாத ஒரு தங்கை எழுதியதை மட்டும் என்னால் மறக்கவே முடியாது. "நீங்க 'இதோ இந்தப் பதம்'னு காட்டும்போது அது எப்படிக் கேட்கும், எப்படி மணக்கும்னும் சொல்லுங்க அக்கா" என்றாள். அன்றிலிருந்து அடுப்படியில் நானே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். காயில் ஈரம் இருக்கும் வரை எண்ணெய் சடசடவென்று சத்தம் போடும், ஈரம் வற்ற வற்ற அது அடங்கும், அப்புறம்தான் வறுபட்ட வாசனை எழும். இத்தனை வருஷமாகச் சமைக்கிற எனக்கு இதைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தது அவள். அவளுக்குத் தனியாக ஒரு பெரிய நன்றி!

வெங்காயம் வதக்கும்போதே ஏன் உப்புப் போடுகிறீர்கள் என்று கேட்டவர்கள், உப்பு தண்ணீரை வெளியே இழுத்துச் சீக்கிரம் வதங்கச் செய்யும் என்று எனக்கு முன்னாடியே பதில் போட்டவர்கள், ஹாஸ்டலை விட்டு வந்து முதல்முறை தானே சமைத்துப் போட்டோ அனுப்பிய பிள்ளைகள், மனைவிக்கு ஆபரேஷன் ஆன சமயத்தில் நம்ம வீடியோவைப் பார்த்துப் பார்த்தே வீட்டுக்குச் சமைத்துப் போட்ட அந்த அண்ணன், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. பத்துப் பேர்கூடப் பார்க்காத காலத்தில் தினமும் வந்து ஒரு லைக் போட்டுவிட்டுப் போனீர்களே, உங்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சரி, அடுத்து என்ன? எல்லா வீடியோவுக்கும் சப்டைட்டில் போடும் வேலையைத் தம்பி ஆரம்பித்துவிட்டான். பழைய வீடியோக்களில் அளவுகளை டிஸ்கிரிப்ஷனில் எழுதி வைக்கச் சொன்னீர்கள், அதையும் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வருகிறேன். வருகிற ஞாயிறு மாலை 6 மணிக்கு லைவ் வருகிறோம். என்ன சமைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள், அதிகம் பேர் கேட்பதை அன்றைக்கே சேர்ந்து சமைக்கலாம்!